மூன்றாவது வாரத்து டீ

செங்கல்பட்டு ஸ்டேஷனில் விடியற்காலை ரயிலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது கொளவாய் ஏரிதான். தண்டவாளத்தை ஒட்டியே கிடக்கும் அவ்வளவு பெரிய தண்ணீர். அன்றைக்கு அதை நின்று பார்க்க நேரமில்லை. வெளியே நண்பர் வண்டியோடு நின்றுகொண்டிருந்தார். பின் இருக்கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடைக்குள் கால் கிலோ டீத்தூள் பொட்டலங்கள் 12, 25 கிராம் பொட்டலங்கள் ஒரு கட்டு, சிறு தராசு ஒன்று, சில கரண்டிகள், ஒரு குயர் நோட்டு.

நண்பர் ஒரு டீத்தூள் கம்பெனியில் பல வருஷம் லைன் பார்த்தவர். கடை கடையாகப் போய் ஆர்டர் எடுத்துச் சரக்குப் போடும் வேலை. இப்போது ஊரிலேயே ஒரு ஷெட் பிடித்து, குன்னூர் ஏலத்துச் சரக்கையும் அசாம் சரக்கையும் வாங்கிக் கலந்து, சொந்தமாகப் பொட்டலம் போடுகிறார். நீலகிரி டஸ்ட் அறுபது பங்கு, அசாம் டஸ்ட் நாற்பது பங்கு. வாசம் நீலகிரியிலிருந்து வரும், திடம் அசாமிலிருந்து வரும் என்பது அவர் கணக்கு. புதுக் கலவையை இலவசமாகக் கொடுத்து ஆள் பிடிக்க செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு நாள் ஓட்டம். நானும் கூட வருகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பயணம் இது.

பஸ் ஸ்டாண்டு அருகே முதல் கடையில் நின்றோம். பாய்லர் சூடேறி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மாஸ்டர் துணிப்பையில் தூளைப் போட்டு வெந்நீரை ஊற்றி, இறங்கிய டிகாஷனைக் கிளாஸில் விட்டுப் பாலைச் சேர்த்து இரண்டு ஆத்து ஆத்தினார். நம் ஊர் டீக்கடையில் தூள் ஒருமுறை வெந்நீர் பட்டதும் கொட்டப்படுவதில்லை. அதே பையில் கொஞ்சம் புதுத்தூள் சேரும், மறுபடி வெந்நீர் விழும். மூன்றாம் ஊற்றலிலும் நிறமும் கடுப்பும் நிற்கிற தூள்தான் கடைக்காரருக்கு நல்ல தூள். முதல் ஊற்றலில் மட்டும் மணந்துவிட்டு அப்புறம் வெளுத்துப் போகிற தூளை, எவ்வளவு உசத்தி என்று சொன்னாலும், அவர் தொடமாட்டார். மிகப் பொடியான டஸ்டும் ஆகாது. பழைய துணியின் இழை வழியே இறங்கிக் கிளாஸின் அடியில் மண்டியாக உட்காரும்.

நண்பர் கால் கிலோவை எடுத்து நீட்டினார். "அண்ணே, காசு வேணாம். காலையில இதைப் போட்டுப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, எத்தனை கிளாஸ் வருதுன்னு எண்ணிச் சொல்லுங்க" என்றார். பொட்டலத்தோடு ஒரு கரண்டியையும் மாஸ்டரிடம் கொடுத்தார். அந்தக் கரண்டி எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

வண்டியில் ஏறியதும் சொன்னார். முதல் முறை சாம்பிள் கொடுத்தபோது கரண்டி தரவில்லையாம். மாஸ்டரின் கை பழைய தூளுக்குப் பழகிய கை. அதே அளவை அள்ளிப் போட்டிருக்கிறார். இந்தத் தூள் திடம் கூடுதல், ஆகவே டீ கசந்திருக்கிறது. முதலாளி வாயில் வைத்துவிட்டு, "உன் தூள் கசக்குதுப்பா" என்று மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தூளில் குறையில்லை, அளவில்தான் குறை. ஆனால் அதைப் பிறகு விளக்கிப் பயனில்லை, நாக்கு தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. அதிலிருந்து கரண்டி இல்லாமல் அவர் சாம்பிள் தருவதில்லை.

திருக்கழுக்குன்றம் சாலையில் வண்டி திரும்பியது. வழி நெடுக நண்பர் கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கடையின் கணக்கை மட்டும் இங்கே எழுதுகிறேன். அந்தக் கடைக்காரர் வாங்கிக்கொண்டிருந்த தூள் கிலோ 300 ரூபாய். கிலோவுக்கு 320 கிளாஸ் வந்தது. நண்பரின் தூள் 340 ரூபாய். விலையைக் கேட்டதுமே கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டார். ஆனால் இலவசமாகக் கொடுத்த கால் கிலோவில், பழைய தூளில் 80 கிளாஸ் வருகிற இடத்தில், 97 கிளாஸ் வந்தது. கிலோவுக்கு ஏறக்குறைய 390. கிளாஸுக்குத் தூள் செலவு 94 காசிலிருந்து 87 காசாக இறங்கியது. நாளைக்கு 350 கிளாஸ் ஓடுகிற கடை. தினமும் 20 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே மிச்சம். கிலோ விலையைப் பேசினால் நண்பர் தோற்பார், கிளாஸ் கணக்கைப் பேசினால் ஜெயிப்பார். அந்தக் கணக்கை அவர் வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கடைக்காரரே எண்ணிப் பார்க்க வேண்டும். கால் கிலோ இலவசம் அதற்காகத்தான். ருசி பார்க்க மட்டும் என்றால் ஐம்பது கிராம் போதுமே!

இந்த வழி அவருடைய கண்டுபிடிப்பில்லை. ஏறக்குறைய நூறு வருஷப் பழக்கம் இதன் பின்னே இருக்கிறது. 1903இல் ஆங்கிலேய அரசு ஒரு சட்டம் போட்டது. ஏற்றுமதியாகும் தேயிலையில் பவுண்டுக்குக் கால் பை வீதம் வரி பிடித்து, அந்தப் பணத்தில் தேயிலையைப் பரப்ப வேண்டும். அந்த வேலைக்கு ஒரு கமிட்டி அமைந்தது. முதலில் அதன் கண் அயல்நாட்டுச் சந்தையில்தான் அதிகம் இருந்தது. 1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் விலை சரிந்து, 1933 ஒப்பந்தத்தால் ஏற்றுமதிக்கு அளவு கட்டப்பட்டதும், மிஞ்சுகிற தேயிலையை உள்நாட்டிலேயே குடிக்கவைக்க வேண்டிய நிலை வந்தது. அப்போதுதான் நாடெங்கும் தெருத்தெருவாக இலவச டீ முழு வேகத்தில் இறங்கியது. திருவிழாக் கூட்டத்திலும் சந்தையிலும் ஆலை வாசலிலும் டீ போட்டுக் கொடுத்தார்கள். டீ போடுவது எப்படி என்று படத்தோடு விளக்கும் எனாமல் பலகைகளை ரயில் நிலையங்களில் அடித்து வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் அவர்கள் எதிரில் நின்றது காப்பி. ஆ. இரா. வேங்கடாசலபதி தன் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' கட்டுரையில் இதை விரிவாகக் காட்டுகிறார். காப்பி நடுத்தர வர்க்கத்து வீட்டின் அடையாளமாகவும், டீ உழைக்கிறவர்களின் பானமாகவும் பிரிந்து நின்ற காலம் அது. வீட்டில் டீ போடவே தெரியாத ஊரில் டீ விற்பதென்றால், முதலில் போடச் சொல்லித்தர வேண்டும். ஆகவே ஆட்கள் பாத்திரத்தோடு வீடு வீடாகப் போனார்கள். ஒருமுறை போய்க் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடவில்லை. அதே தெருவுக்குத் திரும்பத் திரும்பப் போனார்கள். வீட்டுக்குள்ளே போய்ப் பெண்களிடம் பேசுவதற்குப் பெண்களையே வேலைக்கு வைத்தார்கள். கம்பெனிகள் காலணாவுக்குக் கிடைக்கிற சிறு பொட்டலங்களைக் கடையில் தொங்கவிட்டன. காலையில் இலவசமாகக் குடித்தவர் சாயங்காலம் காலணாவோடு தெருமுனைக் கடைக்குப் போனால் பொட்டலம் அங்கே இருக்கும். எனக்கு இந்தப் பழைய கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். இலவசக் கோப்பையை விட, அதற்கு அப்புறம் வைத்த அந்தச் சிறு பொட்டலத்தில்தான் அவர்கள் மூளையைச் செலவழித்திருக்கிறார்கள்.

நண்பர் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர். திருக்கழுக்குன்றத்தில் மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தி ஓர் இடத்தைக் காட்டினார். போன வருஷம் பௌர்ணமி கிரிவலத்துக்கு அங்கே ஒரு மேஜை போட்டு, 2000 காகிதக் கப் இலவச டீ கொடுத்தாராம். கெட்டிப் பால், தாராளமாகச் சர்க்கரை. குடித்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். எங்கே கிடைக்கும் என்றும் கேட்டார்கள். அந்த ஊர்க் கடை ஒன்றில்கூட அன்றைக்கு அவர் சரக்கு இல்லை. ஒரு வாரம் கழித்துப் பொட்டலம் போட வந்தபோது யாருக்கும் பெயர் ஞாபகமில்லை. வாங்கின சிலபேரும், "அன்னைக்குக் குடிச்ச மாதிரி வரலையே" என்றார்கள். எப்படி வரும்? அன்றைக்கு அவர்கள் ருசித்தது பாதி பாலை. தண்ணீர் கலந்த வீட்டுப் பாலில் அதே தூள் வேறு டீ ஆகிவிட்டது. அன்றிலிருந்து அவர் பால் கொண்டுபோவதில்லை. யாருக்குக் கொடுக்கிறாரோ அவர்கள் வீட்டுப் பால், அவர்கள் பாத்திரம், அவர்கள் தண்ணீர்.

அங்கே இரண்டு மளிகைக் கடைகளில் 10 ரூபாய்ப் பொட்டலச் சரத்தைத் தொங்கவிட்டு, அந்தத் தெருக்களில் மட்டும் 25 கிராம் சாம்பிள் கொடுத்தோம். வேறு தெருவுக்குப் போகவில்லை. ஏன் 25 கிராம் என்று கேட்டேன். நாலு பேர் இருக்கிற வீட்டில் அது மூன்று வேளைக்கு வரும். "முதல் வேளை அளவு தெரியாமப் போடுவாங்க, ரெண்டாவது வேளை சரிபண்ணுவாங்க, மூணாவது வேளைதான் நம்ம டீ" என்றார். ஒரு வேளைக்கு மட்டும் வருகிற பொடிப் பொட்டலம் கொடுத்தால் அந்தப் பிழையான முதல் டீயோடு கதை முடிந்துவிடும். பொட்டலம் இலவசம்தான், ஆனாலும் தயாரித்த தேதியும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் அச்சிட்டிருந்தது. அது இல்லாமல் முன்பின் தெரியாதவர் நீட்டும் தூளை எந்த வீட்டில் அடுப்பில் ஏற்றுவார்கள்?

மாமல்லபுரத்தை நெருங்கும்போது உளிச் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. சாலையின் இரண்டு பக்கமும் சிற்பக் கூடங்கள், வெள்ளைத் தூசு படிந்த தகரக் கொட்டகைகள். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இங்கேதான் இருக்கிறது. அதில் படித்தவர்களும் பரம்பரையாக வேலை செய்கிறவர்களும் சேர்ந்து இந்த ஊரைக் கல்லிலேயே ஓட்டுகிறார்கள்.

கடற்கரைக் கோயில் பக்கம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நான், "இங்கே கொடுத்தால் ஆயிரம் பேர் குடிப்பார்களே" என்றேன். நண்பர் வண்டியை நிறுத்தவே இல்லை. வருகிறவர்கள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து மாலையில் போய்விடுகிறவர்கள். அவர்கள் ஊர்க் கடையில் இவர் சரக்கு இல்லை. அவர் தேடியது தினமும் பதினொரு மணிக்கும் நாலு மணிக்கும் ஒரே கடையில் டீ குடிக்கிற ஆட்களை. சிற்பக் கூடத்து ஆட்கள் அப்படிப்பட்டவர்கள். காலையிலிருந்து கல் தூசியை விழுங்குகிற தொண்டைக்கு டீ கடுப்பாக இறங்க வேண்டும். டீ மாறினால் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள், நன்றாக இருந்தால் நாளைக்கும் அதையே கேட்பார்கள்.

கூடங்களுக்கு டீ கொண்டுபோகிற ஒரு கடை, ஓர் அக்கா நடத்துவது. அங்கேதான் அன்றைய சிக்கல் வந்தது. செங்கல்பட்டில் பளபளவென்று செம்பு நிறத்தில் இறங்கிய அதே தூள், இங்கே மங்கின பழுப்பில் இறங்கியது. கிளாஸின் மேலே எண்ணெய் படிந்த மாதிரி மெல்லிய ஏடு. கிளாஸைச் சாய்த்தால் அது உடைந்து ஓரத்தில் ஒட்டியது. அக்கா முகத்தைச் சுளித்தார். "செத்த டீ மாதிரி இருக்கு தம்பி" என்றார்.

நண்பர் பதற்றப்படவில்லை. "எந்தத் தண்ணி அக்கா?" என்று கேட்டார். போர் தண்ணீர். ஓரத்தில் குடிக்க வாங்கி வைத்திருந்த கேன் தண்ணீரில் ஒரு கிளாஸ் போடச் சொன்னார். அருகருகே வைத்த இரண்டு கிளாஸும் ஒரே தூள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேன் தண்ணீரில் சிவப்பு துலங்கியது, ஏடு இல்லை. கடுநீரில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் பைகார்பனேட்டும் டீயின் சாரத்தோடு சேர்ந்து இந்த ஏட்டை உண்டாக்குகின்றன. நிறம் கறுக்கும், பளபளப்பு போகும், நாக்கில் உறைக்கிற கடுப்பும் அடங்கிவிடும். கடலோர போரில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. தாமஸ் லிப்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் டீ விற்றபோது, அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்பக் கலந்த டீ என்றே விளம்பரம் செய்தார். இன்றைக்கும் அங்கே கடுநீர் ஊர்களுக்கென்று தனிக் கலவை கடையில் இருக்கிறது.

நண்பர் கூடைக்குள்ளிருந்து இன்னொரு பொட்டலத்தை எடுத்தார். கடலோரத்துக்கென்று அசாம் பங்கை அறுபதாக ஏற்றி வைத்திருந்தது. தராசில் நிறுத்து, கரண்டியில் தலை தட்டி, அதே போர் தண்ணீரில் போடச் சொன்னார். கேன் தண்ணீர் அளவுக்கு வரவில்லைதான், ஏடு அப்படியே இருந்தது. ஆனால் பாலுக்கு அடியில் திடம் நின்றது. அக்கா இரண்டு வாய் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது வாய் குடித்தார்.

அப்புறம் அவர் கேட்டது ருசியைப் பற்றி இல்லை. "கலர் நல்லாத்தான் இருக்கு. சாயம் கீயம் போட்டிருக்கியா?" என்றார். நியாயமான கேள்வி. நிறத்துக்காகப் பழைய சக்கையைக் காயவைத்துச் சாயம் ஏற்றி விற்கிற தூள் சந்தையில் உண்டு. டீக்கடைக்காரர்கள் நிறத்தையே கேட்பதால்தான் அது ஓடுகிறது. நண்பர் ஒரு வெள்ளைக் காகிதத்தில் தூளைப் பரப்பினார். தண்ணீர் தெளித்துச் சற்று நேரம் விட்டு, தூளைக் கழுவி ஊற்றிவிட்டுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். சாயம் இருந்தால் காகிதத்தில் சிவப்பும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகக் கறை பிடித்திருக்கும். அந்தக் காகிதத்தில் அப்படி எதுவும் இல்லை. பச்சைத் தண்ணீரில் டீ மெதுவாகத்தான் நிறம் விடும், சாயம் உடனே விட்டுவிடும் என்று விளக்கினார். அக்கா காகிதத்தை வாங்கி, தன் டப்பாவில் இருந்த தூளையும் அதே மாதிரி போட்டுப் பார்த்தார். என்ன வந்தது என்பதை எங்களிடம் காட்டாமல் கசக்கி அடுப்பில் போட்டுவிட்டார்.

மதியம் கடற்கரை ஓரம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது நண்பர் நோட்டைப் பிரித்தார். போன மாதம் செங்கல்பட்டில் 20 கடைகளுக்குச் சாம்பிள் கொடுத்திருக்கிறார். தூளும் பொட்டலமும் சேர்த்துக் கடைக்கு 75 ரூபாய், மொத்தம் 1500. முதல் வாரம் 9 கடைகள் வாங்கின. அதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது என்கிறார். இலவசமாக வாங்கிவிட்டோமே என்று முகத்துக்காக வாங்குவது முதல் வாரம். இரண்டாம் வாரம் 6 கடைகள். சிலர் பழைய தூள் தீர்ந்ததால் வாங்குவார்கள். மூன்றாம் வாரம் நின்றது 4. அவைதான் கடை, மற்றவை சாம்பிள். ஆக நிலைத்த கடை ஒன்றுக்கு 375 ரூபாய் செலவு. கிலோவுக்கு எல்லாம் போக 45 ரூபாய் நின்றால், தினம் ஒரு கிலோ ஓடுகிற கடையில் வாரம் 315 ரூபாய். ஒரு வாரத்துக்குச் சற்று மேலே ஆனதும் அந்தச் செலவு திரும்பிவிடுகிறது.

அந்தக் கணக்கு கெடுவது கடனில். கடன் கொடுத்தால் கடைக்காரர் வாரக் கடைசியில்தான் பணம் தருவார். ஏழு கிலோவென்றால் 2380 ரூபாய் அவரிடம் நிற்கும். இரண்டு வாரம் இழுத்துவிட்டுத் தூளை மாற்றிக்கொண்டால், அந்த ஒரு கடை பத்துக் கடையின் ஒரு வார லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே சாம்பிள் தாராளம், கடன் கிடையாது என்பதில் அவர் பிடிவாதம். முதல் ஆர்டர் அரைக் கிலோவாக இருந்தாலும் ரொக்கம். ரொக்கம் கொடுத்து வாங்கியவர் அந்தத் தூளைச் சரியாகப் போட முயற்சி செய்வார், கடனுக்கு வாங்கியவர் குறை கண்டுபிடிப்பார் என்றார். வருஷக்கணக்கில் லைன் பார்த்தவர் சொல்கிறார், நான் நம்புகிறேன்.

நாலு மணிக்குத் திரும்ப அந்த அக்கா கடைக்குப் போனோம். தூக்கில் டீயை எடுத்துக்கொண்டு சிற்பக் கூடத்துக்குப் போன பையன் காலித் தூக்கோடு திரும்பி வந்துகொண்டிருந்தான். "இன்னிக்கு என்ன டீன்னு கேட்டாங்க" என்றான். அக்கா கால் கிலோவில் எத்தனை கிளாஸ் போனது என்று எண்ணி வைத்திருந்தார். 91. போர் தண்ணீருக்கு அது பரவாயில்லை. நண்பர் அதை நோட்டில் குறித்து, பக்கத்தில் தண்ணீர் என்ன என்றும் எழுதினார்.

அக்கா கல்லாவைத் திறந்து 170 ரூபாயை எண்ணி நீட்டினார். அரைக் கிலோவுக்கு. பிறகு நண்பர் கொடுத்த கரண்டியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது தொலைஞ்சா என்ன பண்றது? நான் இல்லாதப்போ பையன்தான் போடுவான்."

நண்பர் தராசை எடுத்து, அக்கா கடையிலேயே கிடந்த ஒரு பழைய ஸ்பூனால் தூளை அள்ளி நிறுத்தார். தலை தட்டி நாலு ஸ்பூன், அந்தக் கரண்டி ஒன்றுக்குச் சரியாக இருந்தது. அக்கா அடுப்புக்கு மேலே புகை பிடித்த சுவரைத் துணியால் ஒரு சாண் அகலத்துக்குத் துடைத்தார். பையனைக் கூப்பிட்டுச் சாக்பீஸைக் கொடுத்தார். அவன் எம்பி நின்று, 'ஒரு பைக்கு 4 ஸ்பூன், தலை தட்டி' என்று பெரிய எழுத்தில் எழுதினான்.